சோறு இறங்காத வயிறு: பலூனா, ஸ்டென்டா, பைபாஸா?

முதல் நாள் மத்தியானம் சாப்பிட்ட கீரை மறுநாள் விடிகாலை வாந்தியில் அப்படியே வந்ததாகப் பெரியம்மா தொலைபேசியில் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, "பச்சையாவோ மஞ்சளாவோ ஏதாவது வந்துச்சா பெரியம்மா?" என்பதுதான். இல்லை, வெறும் சோறும் கீரையும் புளித்த தண்ணீரும் என்றார். வாந்தி எடுத்த பிறகு பெரியப்பாவுக்கு வயிறு லேசாகிவிட்டது, உடனே பசிக்கிறது என்கிறார் என்றும் சொன்னார். அன்றைக்கே ஈசூனிலிருந்து அவரை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறையில் 17 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். இரைப்பையின் கீழ்வாசல் அடைபட்டவர்களை அந்த அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களின் பிள்ளைகள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன இரண்டு மூன்று வழிகளில் எதற்குச் சம்மதம் சொல்வது என்று தெரியாமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பெரியப்பா விஷயத்தில் நானே அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. அப்போது எங்கள் குடும்பம் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தது என்பதை எழுதுகிறேன்.

அந்தப் பச்சை, மஞ்சள் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பித்தம் வந்து விழும் துளை, இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குள் சற்றுத் தூரத்தில் இருக்கிறது. அந்தத் துளைக்கு முன்பே அடைப்பு இருந்தால் பித்தம் மேலே ஏறி வர வழியில்லை. சோறு வரும், கசப்பு வராது. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், செரிக்காத சாப்பாடு நிறம் மாறாமல் வருகிறது என்றால் இரைப்பையின் கீழ்வாசலைத்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரம் ஆன பிறகும், இடுப்பைப் பிடித்து லேசாக ஆட்டினால் பாதி நிரம்பிய தண்ணீர்க் குடம் போலச் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். பெரியப்பாவுக்கு அந்தச் சத்தம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது.

அவருக்கு வயது 72. முட்டி வலிக்காகப் பல வருடம் வலி மாத்திரை விழுங்கியவர். இரண்டு மாதமாக வயிறு உப்புசம் என்று பக்கத்து மருந்தகத்தில் வாய்வு மருந்து வாங்கிக் குடித்திருக்கிறார். 61 கிலோ இருந்தவர் 49 கிலோவுக்கு வந்திருந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று பெரியம்மா சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது எங்கள் தவறு.

முதல் நான்கு நாள்: எந்த வழியும் தேர்ந்தெடுக்காத நாள்கள்

"உடனே அடைப்பை எடுத்துவிட வேண்டியதுதானே, எதற்கு நாலு நாள் சும்மா படுக்கப் போடுகிறார்கள்?" என்று அண்ணன் கோபப்பட்டார். அந்த நாலு நாளில் நடந்ததுதான் பிறகு எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது.

வாந்தியில் சாப்பாடு மட்டும் போவதில்லை. இரைப்பையின் அமிலமும் சேர்ந்து போகிறது. அமிலத்தோடு குளோரைடு போகிறது. உடம்பு வற்றியதும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கப் பார்க்கிறது, அதற்கு விலையாகப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்ந்துவிடும். பெரியப்பாவின் பொட்டாசியம் 2.6 இருந்தது, குறைந்தது 3.5 இருக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று அவர் சொன்னது இதனால்தான். இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதனால் முதலில் சாதாரண உப்பு நீர் டிரிப், சிறுநீர் சரியாக வருகிறது என்று தெரிந்த பிறகு அதோடு பொட்டாசியம், அதுவும் மெதுவாக. இந்தக் கோளாறுக்கு அந்தச் சாதாரண உப்பு நீர்தான் மருந்து, ஏனென்றால் போன குளோரைடு அதில்தான் இருக்கிறது.

கூடவே மூக்கு வழியாகப் பெரிய குழாய் ஒன்றை இரைப்பைக்குள் விட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் 1.8 லிட்டர் வந்தது. அதில் சோற்றுப் பருக்கை முழுசாக மிதந்தது. குழாய் தொண்டையில் உறுத்துகிறது, எடுக்கச் சொல்லுங்கள் என்று குடும்பத்தார் கேட்பது வழக்கம். தயவு செய்து கேட்காதீர்கள். நிரம்பிய இரைப்பையோடு படுத்திருப்பவர் தூக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். இந்த நோயில் ஆளைத் திடீரென்று கொண்டுபோவது பல சமயம் அதுதான்.

இன்னொரு விஷயத்திலும் கவனம் வேண்டும். வாந்தியை நிறுத்த மெட்டோக்ளோப்ரமைடு மாதிரி, இரைப்பையைச் சுருங்கித் தள்ளவைக்கும் மருந்து வீட்டில் இருக்கும். வாசல் முழுக்க அடைத்திருக்கும்போது அதைக் கொடுத்தால் மூடிய கதவில் முட்டுகிற மாதிரிதான். வலிதான் கூடும்.

மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவருக்கு எடுத்த எடுப்பில் முழுச் சத்தும் ஏற்றுவதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் உப்பு சட்டென்று இறங்கிவிடும். பெரியப்பாவுக்கு முதலில் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சத்து ஏற்றினார்கள், தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

தழும்பா, கட்டியா?

எல்லாத் தேர்வும் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான். ஒரு காலத்தில் இந்த அடைப்புக்கு அல்சர் தழும்புதான் பெரிய காரணமாக இருந்தது. அமிலத்தை அடக்கும் மாத்திரைகளும், ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கான மருந்தும் வந்த பிறகு அது குறைந்துவிட்டது. இப்போது பெரியவர்களிடம் பாதிக்கு மேல் புற்றுநோய்தான் காரணம்: இரைப்பையின் கீழ்ப்பகுதியில் வருவது, இல்லையென்றால் கணையத்தின் தலைப்பகுதியில் வந்து வெளியிலிருந்து குடலை அமுக்குவது.

பெரியப்பாவுக்கு வலி மாத்திரைப் பழக்கம் இருந்ததால் எங்களுக்கெல்லாம் தழும்பு என்றே நம்பிக்கை. முதல் எண்டோஸ்கோப்பியில் எடுத்த ஆறு சதைத் துணுக்கிலும் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அக்கா அழுதேவிட்டார், சந்தோஷத்தில். என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. சில கட்டிகள் இரைப்பையின் உள்தோலைத் தொடாமல் சுவருக்கு உள்ளேயே பரவும். மேலாகக் கிள்ளி எடுத்த துணுக்கில் அது சிக்காது. சிடி ஸ்கேனில் இரைப்பையின் கீழ்ச்சுவர் ஒரு பக்கம் தடித்திருந்தது, கல்லீரலில் மூன்று நிழல்கள் இருந்தன. மருத்துவர் இரண்டாம் தடவை, ஒரே இடத்தில் குழி பறிக்கிற மாதிரி ஆழமாகத் துணுக்குகள் எடுத்தார். அதில் தெரிந்தது: இரைப்பைப் புற்றுநோய், கல்லீரலுக்குப் போய்விட்டது.

முதல் அறிக்கை நல்லதாக வந்தால், ஸ்கேனும் அதையே சொல்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியில் கண்ணுக்குத் தெரிந்ததும் வேறு கதை சொன்னால், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

தழும்பாக இருந்திருந்தால்

எங்களுக்கு இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். பேருந்து ஓட்டுநர், 48 வயது, முதுகு வலிக்குத் தினமும் மாத்திரை. அதே மாதிரி வாந்தி. அவருக்கு ஒரு வாரம் குழாய் போட்டு, நரம்பில் அமிலத்தை அடக்கும் மருந்து கொடுத்ததும் வாசல் ஓரளவு திறந்தது. அடைப்பில் ஒரு பங்கு தழும்பு, இன்னொரு பங்கு புண்ணைச் சுற்றிய வீக்கம். வீக்கம் மருந்துக்கு வடியும். தழும்பு வடியாது.

மீதிக்குப் பலூன். எண்டோஸ்கோப்பிக் குழாய்க்குள்ளேயே சுருங்கிய பலூனை நுழைத்து, இறுகிய இடத்தில் வைத்து, தண்ணீரால் நிரப்பி ஒரு நிமிடம் போல வைத்திருப்போம். முதல் தடவை 10 மில்லிமீட்டர், அப்புறம் 12. இரண்டு வாரம் கழித்து 15. ஒரே நாளில் 18க்குப் போய்விடலாமே என்று தோன்றும். 15க்கு மேல் அவசரப்பட்டால் சுவர் கிழியும் ஆபத்து ஏறுகிறது. பலூன் முடிந்து எழுந்தவருக்கு வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, தோள்பட்டையில் வலி வந்தாலோ, கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்று காற்று தெரிந்தாலோ உடனே ஸ்கேன் எடுப்போம். கிழிந்திருந்தால் நேரம் போகப் போக மோசமாகும்.

அந்த ஓட்டுநருக்கு மூன்று தடவையில் முடிந்தது. ஆனால் அவரைக் காப்பாற்றியது பலூன் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அந்தக் கிருமி இருந்தது. 14 நாள் மருந்து சாப்பிட்டார், முடித்துக் குறைந்தது ஒரு மாதம் கழித்து மூச்சுப் பரிசோதனையில் கிருமி போனதை உறுதி செய்தார்கள். வலி மாத்திரையை நிறுத்தினார், புகையையும் விட்டார். பலூன் போட்டு, கிருமியை விட்டுவைத்து, வலி மாத்திரையும் தொடர்ந்தால் தழும்பு மறுபடி இறுகும். இரண்டு மூன்று தடவை பலூனுக்குப் பிறகும் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்றால் அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொள்வது நல்லது. வயதும் உடம்பும் இருக்கும்போது ஒரு தடவை செய்துகொள்வது, ஐந்தாவது ஆறாவது பலூனில் கிழிவதைவிட மேல்.

இதே பலூனைக் கட்டி உள்ளவருக்குப் போட்டால் சில நாள் திறந்து மறுபடி மூடும், கிழியும் ஆபத்தும் கூடும். அதனால்தான் தழும்பா கட்டியா என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

எங்கள் முன் இருந்த மூன்று வழிகள்

கட்டி ஓரிடத்தில் நின்றிருந்தால் கேள்வியே வேறு: வெட்டி எடுக்க முடியுமா, அதற்கு முன் கீமோ வேண்டுமா என்பதாக இருந்திருக்கும். கல்லீரலுக்குப் போய்விட்டதால் வெட்டி எடுத்து குணமாக்கும் வழி மூடிவிட்டது. இனி முக்கியம் மூன்று: அவர் என்ன சாப்பிட முடியும், அது எத்தனை நாள் நிற்கும், எத்தனை தடவை மருத்துவமனைக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும். மருத்துவர்கள் சாப்பாட்டை 0 முதல் 3 வரை எண்ணுகிறார்கள். 0 என்றால் வாய் வழியே ஒன்றும் இல்லை, 1 நீராகாரம், 2 குழைந்த சோறு மாதிரி மென்மையானது, 3 கிட்டத்தட்ட வழக்கமான சாப்பாடு. பெரியப்பா 0இல் இருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான். "எனக்கு ஒரு வாய் ரசஞ்சோறு இறங்கணும்மா."

முதல் வழி, கட்டிக்கு நடுவே ஸ்டென்ட். மடக்கிய கம்பி வலைக்குழாயை எண்டோஸ்கோப்பி வழியாக அடைப்புக்குள் தள்ளி விரிய விடுவது. சாதாரணமாக 20 மில்லிமீட்டர் போல விரியும். வயிற்றில் கத்தி படாது, பெரும்பாலும் மறுநாளே நீராகாரம், இரண்டு மூன்று நாளில் வீடு. முதல் வாரத்தை வைத்துப் பார்த்தால் இதை விடச் சுலபம் எதுவும் இல்லை. சிக்கல் பிறகு வருகிறது. வலை என்பதால் கண்ணிகளுக்கு நடுவே கட்டி வளர்ந்து மறுபடி அடைக்கும். வலைக்கு மேல் உறை போட்ட ஸ்டென்ட் உண்டு, அதில் கட்டி நுழையாது, ஆனால் அது நழுவி இடம் மாறும். அடைத்தால் உள்ளே இன்னொரு ஸ்டென்ட் வைக்கலாம், அதற்கு மறுபடி குழாய், மறுபடி மயக்கம், கீமோவில் இடைவெளி.

இரண்டாம் வழி, பைபாஸ் அறுவை. அடைப்பைத் தொடாமல் விட்டுவிட்டு, சிறுகுடலின் ஒரு வளைவைத் தூக்கி இரைப்பையோடு நேராக இணைத்துத் தைப்பது. இப்போது பல இடங்களில் சிறு துளைகள் போட்டே செய்கிறார்கள். நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, 39 பேரை ஸ்டென்டுக்கும் பைபாஸுக்கும் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. ஸ்டென்ட் போட்டவர்கள் சீக்கிரம் சாப்பிட ஆரம்பித்தார்கள், ஆனால் நாள் போகப் போக நன்றாகச் சாப்பிட்டவர்கள் பைபாஸ் செய்துகொண்டவர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வாழ்வார் என்று எதிர்பார்க்கக்கூடியவருக்குப் பைபாஸ், அதற்குக் குறைவென்றால் ஸ்டென்ட் என்று அவர்கள் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான் அறையில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. பைபாஸின் விலை முதல் வாரங்களில் கட்டப்படுகிறது: மருத்துவமனையில் ஒரு வாரமோ அதற்கு மேலோ, சிலருக்கு இணைப்பு சரியாக இருந்தும் இரைப்பை வேலைக்குத் திரும்பப் பல நாள் ஆகும். இளைத்துப்போனவரின் தையல் ஆறுவதும் கடினம்.

மூன்றாம் வழி புதியது. அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப்பியால் இரைப்பைச் சுவரின் உள்ளிருந்தே, பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் சிறுகுடலைப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே துளை போட்டு, டம்பெல் வடிவத்தில் இரு பக்கமும் அகன்ற உறையிட்ட ஸ்டென்டை வைப்பது. பைபாஸ் அறுவை செய்கிற அதே வேலை, வயிற்றைத் திறக்காமல். புதுப் பாதை கட்டியை விட்டுத் தள்ளி இருப்பதால் கட்டி அதற்குள் வளர்வது அரிது. ஹாங்காங் மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் 97 பேரை இந்த முறைக்கும் சாதாரண ஸ்டென்டுக்கும் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் மறுபடி ஏதாவது செய்ய வேண்டி வந்தவர்கள், சாதாரண ஸ்டென்டில் 29 சதவீதம், புது முறையில் 4 சதவீதம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் அண்ணன் "அப்ப இதுதான், வேற பேச்சே இல்ல" என்றார். ஆனால் இந்த முறை செய்பவரின் கையை நம்பி இருக்கிறது. ஸ்டென்டின் ஒரு முனை குடலுக்குள் போகாமல் வெளியே வயிற்றறையில் திறந்துவிட்டால் அதுவே அவசர அறுவையாகலாம். வயிற்றில் நீர் நிறையக் கோத்திருந்தால் குடல் மிதந்து நழுவும், செய்வது உசிதமில்லை. இரைப்பைச் சுவர் முழுக்கக் கட்டி பரவியிருந்தாலும் துளை போட நல்ல இடம் கிடைக்காது. கருவியின் விலையும் சாதாரண ஸ்டென்டை விட அதிகம்.

எந்த வழியானாலும் ஒரு கேள்வி பொது: கீழே இன்னும் அடைப்பு இருக்கிறதா? புற்றுநோய் வயிற்று உறையில் பரவிக் குடலைப் பல இடத்தில் பிடித்திருந்தால், இரைப்பையின் வாசலை மட்டும் திறந்து பயனில்லை. அப்படிப்பட்டவருக்கு, வயிற்றில் சிறு துளை வழியே இரைப்பையின் நீரை வெளியே வடிக்கும் குழாய் போட்டு, மூக்குக் குழாயை எடுத்துவிடுவதே பெரிய நிம்மதி. ஆசைக்கு இரண்டு வாய் குடிக்கவும் முடியும். கணையக் கட்டி என்றால் மஞ்சள் காமாலையையும் கேட்க வேண்டும், ஏனென்றால் முன்சிறுகுடலுக்குள் ஸ்டென்ட் போட்டுவிட்டால் பித்தக்குழாய்த் துளை அதற்குப் பின்னால் மறைந்துவிடும். தேவையென்றால் பித்தக்குழாயை முதலில் திறந்துவிட வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவு

புற்றுநோய் மருத்துவர் எங்களிடம் நேராகப் பேசினார். கீமோ தாங்கினால் மாதக் கணக்கில் வாழலாம், வாரக் கணக்கு இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தையில் கட்டிக்குள் வைக்கும் ஸ்டென்ட் எங்கள் பட்டியலில் கீழே இறங்கியது. அதே நோய், அதே ஸ்கேன், ஆனால் எழுந்து உட்கார முடியாத, கீமோ வேண்டாம் என்று சொன்ன ஒருவராக அவர் இருந்திருந்தால் நானே முதலில் ஸ்டென்ட் என்றிருப்பேன்.

அப்படியானால் பைபாஸா? அறுவை மருத்துவர் செய்யத் தயாராகத்தான் இருந்தார். மயக்க மருத்துவர்தான் தயங்கினார். பெரியப்பாவுக்கு முன்பே ஒரு மாரடைப்பு வந்து, இதயம் இறைக்கும் திறன் 30 சதவீதத்துக்கு வந்திருந்தது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 27, குறைந்தது 35 இருக்க வேண்டியது. தையல் ஆறுமா என்பதே கேள்வியாக இருந்தது. வயிற்றில் நீர் இல்லை, இரைப்பையின் மேல் பாதி நன்றாக இருந்தது, அந்த மருத்துவமனையில் மூன்றாவது முறையைத் தொடர்ந்து செய்யும் ஒருவர் இருந்தார். அக்கா அவரிடமே கேட்டார். "இதுவரை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க டாக்டர்? தவறிப் போனா அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன் செய்ய ஆள் இருப்பாங்களா?" அவர் முகம் சுளிக்காமல் இரண்டுக்கும் பதில் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். இந்த இரண்டு கேள்வியையும் யாரும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். கருவிக்கு மெடிசேவ் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மெடிஷீல்டு லைஃப் காப்பீடு எவ்வளவு தாங்கும், கையிலிருந்து எவ்வளவு என்று சம்மதக் கையெழுத்துக்கு முன்பே மருத்துவமனையில் நிதி ஆலோசனை கொடுப்பவரிடம் எழுதி வாங்கிக்கொண்டோம். பற்றாக்குறை வந்தால் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார்.

ரத்தம் உறையாமலிருக்கப் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையை, இதய மருத்துவர் சம்மதத்தோடு, சேர்த்த நாளிலிருந்தே நிறுத்தியிருந்தார்கள். உப்புகள் சரியாகவும் அது விலகவும் கிட்டத்தட்ட ஒரே காலம் பிடித்தது.

செய்த அன்று நான் உள்ளே போகவில்லை, உறவுக்காரர் போகக்கூடாது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு மனப்பாடம். நுரையீரலுக்குள் எதுவும் போகாதபடி முதலில் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மூடுவார்கள். அடைப்பைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, அதன் வழியே நீலச் சாயம் கலந்த உப்பு நீரைச் சிறுகுடலுக்குள் விட்டு அதை உப்ப வைப்பார்கள். அல்ட்ராசவுண்டில் உப்பிய குடல் கறுப்பு வட்டமாகத் தெரியும். சூடேறும் நுனியால் துளைத்து, ஸ்டென்டின் முதல் முனை அங்கே விரியும், இழுத்துப் பிடித்து மறு முனையை இரைப்பைக்குள் விரிப்பார்கள். அந்த நொடியில் ஸ்டென்டின் வழியே நீல நீர் இரைப்பைக்குள் கொட்ட வேண்டும். அதைப் பார்த்தால்தான் அறையில் எல்லாரும் மூச்சு விடுவோம். வெளியே வந்த மருத்துவர் என்னைப் பார்த்து, "நீலம் நல்லா வந்துச்சு" என்றார். எனக்கு அது போதும்.

மறுநாள் தண்ணீர், அடுத்த நாள் வடித்த கஞ்சி. ஐந்தாம் நாள் குழைந்த சோறும் ரசமும். 2க்கு வந்துவிட்டார். இரண்டு வாரத்தில் கீமோ தொடங்கியது.

அதற்கு அப்புறம்

வீட்டில் சாப்பிடும் முறை மாறியது. மூன்று வேளைக்குப் பதில் ஆறு சின்ன வேளை. கறி, கோழி என்றால் பஞ்சாக வேகவைத்து உதிர்த்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். நார் ஆகாது: காங்கோங் கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், புட்டு அரிசி மாதிரி ஒட்டிப் பந்தாகும் சாப்பாடு எதுவும் வேண்டாம்.

நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பழையபடி வாந்தி. அக்கா பயந்துபோய்க் கூப்பிட்டார். கட்டி பரவிவிட்டது, முடிந்தது என்று நினைத்திருக்கிறார். நான் அதே பழைய கேள்வியைக் கேட்டேன். பச்சை இல்லை, கசப்பு இல்லை, மத்தியானம் சாப்பிட்ட சோறு அப்படியே என்றார். புதுப் பாதை திறந்திருந்தால் பித்தம் கொஞ்சமாவது இரைப்பைக்குள் ஏறியிருக்கும். கீழே குடல் அடைத்திருந்தால் பச்சையாகவே கொட்டியிருக்கும். ஆக, அடைத்திருப்பது ஸ்டென்டாக இருக்கலாம், அதைச் சரிசெய்ய முடியும் என்று சொல்லி உடனே கூட்டிப் போகச் சொன்னேன்.

மறுநாள் எண்டோஸ்கோப்பியில் ஸ்டென்டின் வாயில் சுருண்டு கிடந்தது முருங்கைக்காய்ச் சக்கை. பெரியம்மா சாம்பாரில் போட்டதை, "சாறுதான் உறிஞ்சினேன்" என்று பெரியப்பா கடைசி வரை சாதித்தார். கம்பிச் சுருக்குப் போட்டு வெளியே இழுத்தார்கள். அரை மணி நேர வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். பெரியம்மா அதன் பிறகு முருங்கைக்காயைக் கரண்டியால் வழித்து, சதையை மட்டும் அவர் இலையில் போட்டார்.

பெரியப்பா அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். கல்லீரல் முடியாமல் போனது. வீட்டிலேயே, அந்திமகாலப் பராமரிப்புத் தாதிகள் வந்து பார்த்துக்கொண்டார்கள். கடைசிப் பத்து நாளுக்கு முன்பு வரை ரசஞ்சோறு இறங்கியது. கூடக் கொஞ்சம் ரசம் ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.